மாமியின் மறைவுக்குப் பிந்தி எழுதும் கடிதம்

கொக்குவில்,
27.10.2024

அன்பின் சுகந்தி,

மாமி காலமாகி நான்கரை மாதம் சென்ற பிறகு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். செத்தவீட்டுக்கும் நான் வரவில்லை, எட்டுக்கும் வரவில்லை, கீரிமலைக்கும் வரவில்லை. உம்மோடு வந்து நிற்க வேண்டிய ஒரு நாளிலும் நான் நிற்கவில்லை.

இம்மாதம் 12ஆம் திகதி எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் கிடந்த கல்வெட்டு ஒன்றை, யாருடையது என்று தெரியாமலே கையில் எடுத்தேன். அட்டையில் மாமியின் முகம் இருந்தது. அந்தியேட்டிக்கு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு அது என்று அவள் சொன்ன பிறகும், அது வேறு யாரோ என்று மனம் அடம்பிடித்தது.

மாமி இறந்த நாட்களில் மகளின் சிகிச்சைக்காக நான் கொழும்பில் நின்றேன். ஊர்ப் பத்திரிகை கண்ணில் படவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் உமது தம்பி அன்று விடியற்காலையிலேயே செய்தி போட்டிருக்கிறார். அந்தக் குழுவின் சத்தத்தை நான் மாதக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் திறந்து பார்க்கவில்லை. செய்தி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது, வாசிக்காதது நான்.

இதைவிட என்னைக் குத்துவது வேறொன்று. யூலை 12ஆம் திகதி, அதாவது அந்தியேட்டி முடிந்த கையோடு, கணித ஆசிரியர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கேட்டு உமக்கு நான் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அரை மணித்தியாலத்துக்குள் இலக்கத்தை அனுப்பினீர். "வேறென்ன புதினம்?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, இருக்கிறோம்" என்று எழுதியிருந்தீர். இந்தப் பதினைந்து நாளில் அந்த ஒரு வரியை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொண்டே நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தீரோ, அல்லது தெரியாதவளை நோகச் செய்யக்கூடாது என்று விட்டீரோ, எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் நீர் தனியாக இருந்தீர். என்னை மன்னித்துக்கொள்ளும்.

தெரிந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தால் அதற்கும் பதினைந்து நாள் எடுத்துவிட்டேன். இரண்டு தரம் உமது இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்க முன்பே நிறுத்தினேன்.

வருகிற புதன்கிழமை, ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்து 29 வருடங்கள் ஆகின்றன. 1995இல் மழையில் நனைந்து, இரவு முழுக்க நின்றும் நடந்தும், மறுநாள் மதியம் சாவகச்சேரியில் எந்த வீடு என்று தெரியாமல் நாங்கள் ஐந்து பேரும் தெருவில் நின்றபோது, முன்பின் அறியாத எங்களைப் படலையைத் திறந்து உள்ளே கூப்பிட்டவர் மாமி. என் அம்மாவின் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தன் சேலையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் எப்போது திரும்பிப் போவோம் என்று, அங்கே தங்கியிருந்த ஆறு மாதத்தில் ஒருநாளாவது அவர் கேட்டதில்லை.

மண்ணெண்ணெய்க்கு வழியில்லாத அந்த நாட்களில் உங்கள் வீட்டில் இரவில் ஏற்றியது ஒரேயொரு யாம் போத்தல் விளக்கு. அதை உமக்கும் எனக்கும் நடுவில் படிக்க வைத்துவிட்டு, மாமி அடுப்பு வெளிச்சத்திலேயே பிட்டு அவிப்பார். திரியைத் தூண்ட அவர் குனியும்போது கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கும். நான் படித்து எழுதிய முதல் சோதனை அந்த வெளிச்சத்தில் படித்தது, சுகந்தி. அவருடைய பாடையின் பின்னால் நான் நடந்திருக்க வேண்டும்.

மாமியின் கடைசி நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் போல் உமக்கு இருந்தால் எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்; பலருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

வியாழக்கிழமை தீபாவளி. உங்கள் வீட்டில் இம்முறை கொண்டாட்டம் இராது என்று அறிவேன். நவம்பர் 2, சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அன்று வசதியில்லை என்றால் ஒரு சொல் அனுப்பும், வேறொரு நாள் வருவேன். 2003இல் அக்காவின் கல்யாணத்தில் எடுத்த படமொன்று எங்களிடம் இருக்கிறது. மாமி என் அம்மாவின் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். உங்களிடம் அது இல்லை என்று நினைக்கிறேன். பிரதி எடுத்துவிட்டேன், கொண்டுவருகிறேன்.

என்றும் அன்புடன்,
வாசுகி