கொலம்பியா ஸ்லைடு: எந்த வரிக்கு ஆதாரம் இருக்கிறது?

வியாழக்கிழமை பம்ப் சப்ளையரின் டெக் வருகிறது. அதற்குள் எல்லாரும் ஒரே மாதிரி அட்டவணை போடப் பழகிவிடலாம் என்று, ஏற்கெனவே பலர் அலசிய ஒரு ஸ்லைடை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82 விநாடி வாக்கில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஃபோம் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து 24ஆம் தேதி ஒரு டெக் காட்டினார்கள். பறப்பதற்கு ஆபத்தில்லை, இறங்கிய பிறகு பழுதுபார்க்கும் வேலைதான் என்று நாசா மேலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 1 அன்று கலம் சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கீழே இருப்பது அந்த டெக்கின் ஒரே ஒரு ஸ்லைடு, விசாரணை வாரியத்தின் அறிக்கையில் அச்சானது.

அட்டவணையின் முதல் பத்தியில் ஸ்லைடு சொல்வது, என் தமிழில். தலைப்பும் ஒரு கூற்றுதான், அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாவதில் அதே ஸ்லைடில் கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம் மட்டும். பேச்சாளர் வாயால் சொல்லியிருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்வது அங்கே வரக்கூடாது.

| ஸ்லைடு சொல்வது | ஸ்லைடில் இருக்கும் ஆதாரம் | தாங்குகிறதா? |
|---|---|---|
| தலைப்பு: வெப்பம் தாங்கும் டைல் துளைபடுவதைப் பொறுத்தவரை நம் கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது என்று சோதனைத் தரவு காட்டுகிறது | "கிரேட்டர்" என்ற கணிப்பு மாதிரி டைல் பூச்சு துளைபடுவதை மிகைப்படுத்தியே சொன்னது என்ற ஒரு வரி | இல்லை. சின்னத் துண்டுச் சோதனைகளுக்குள் அது உண்மையாக இருக்கலாம். கொலம்பியாவில் மோதிய துண்டுக்கும் அப்படியே என்று சொல்ல ஸ்லைடில் எதுவும் கிடையாது, ஸ்லைடின் கடைசி வரி அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது |
| பழைய சோதனைத் தரவை மறுபடி பார்த்தோம் | எத்தனை சோதனை, எந்த அளவுத் துண்டு என்ற பட்டியல் இல்லை | பார்த்தார்கள் என்பது வரை சரி |
| மாதிரி கணிசமாக மிகைப்படுத்தியது | எண் இல்லை | எவ்வளவு? இரண்டு மடங்கா, பத்து சதவீதமா? தெரியாதவரை இது அபிப்பிராயம் |
| மென்மையான ஃபோம் கடினமான பூச்சைத் துளைக்க நிறைய ஆற்றல் வேண்டும் | 3 கன அங்குலத் துண்டுக்கு விநாடிக்கு 200 அடி வேகம் என்ற ஓர் உதாரணம் | பாதி. உதாரணம் சின்னத் துண்டுக்கு. பறப்பில் மோதிய வேகம் இந்த ஸ்லைடிலேயே இல்லை |
| போதிய எடையும் வேகமும் இருந்தால் துளைக்க முடியும் | சோதனை முடிவுகள் அப்படிக் காட்டுகின்றன என்று ஸ்லைடே சொல்கிறது | ஆம். உள்தள்ளி, குட்டி எழுத்தில் |
| துளைத்துவிட்டால், ஆற்றல் கொஞ்சம் கூடினாலும் சேதம் பெரிதாகலாம் | எண் இல்லை | பாதி. ஆனால் தலைப்பின் நம்பிக்கையோடு இது ஒத்துப்போகவில்லை |
| பறப்பு நிலைமை சோதனைத் தரவுக்கு வெகு வெளியே இருக்கிறது | மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதித்தது 3 | ஆம். மொத்த ஸ்லைடிலும் எண்ணோடு முழுதாக நிற்கிற கூற்று இது ஒன்றுதான், அது கடைசியில் கிடக்கிறது |
| பறப்புக்கு ஆபத்தில்லை (கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது) | எதுவும் இல்லை | இல்லை. ஸ்லைடு இதைச் சொல்லவே இல்லை |

1920ஐ 3ஆல் வகுத்தால் 640. ஸ்லைடு இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டு வகுக்காமல் விட்டிருக்கிறது, அந்த வகுத்தலை நாம் செய்யவேண்டியிருந்தது. சப்ளையர் டெக்கிலும் எங்கெல்லாம் இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் வகுத்துப் பாருங்கள்.

கடைசி வரிசை கொஞ்சம் விதிமீறல்தான், ஸ்லைடில் இல்லாத கூற்று. இருந்தாலும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் முடிவானது அதை வைத்துத்தான். எழுதாத கூற்றுக்கு ஒரு வரிசை போடாவிட்டால் அதை யாரும் ஆதாரம் கேட்கப்போவதில்லை. இந்த ஸ்லைடு டைலைப் பற்றி மட்டும் பேசுகிறது. துண்டு உடைத்தது டைலை அல்ல, இறக்கை முன்விளிம்பின் கார்பன் பலகையை. அது பின்னால் தெரிந்தது. 2003 ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே மாதிரிப் பலகைமேல் ஃபோமைச் சுட்டுப் பார்த்தபோது சுமார் 16 அங்குல ஓட்டை விழுந்தது. இதை ஆதாரப் பத்தியில் போடக் கை பரபரக்கும், போடாதீர்கள். 24ஆம் தேதி அந்த அறையில் இருந்தவர் கையில் இருந்ததை வைத்தே தலைப்பு விழுந்துவிடுகிறது, அதற்கு ஜூலைச் சோதனை தேவையே இல்லை.

ஆதாரத்திலிருந்து தலைப்பை எழுதினால் இப்படி வந்திருக்கும்: "மோதிய துண்டு நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது, சேதத்தைச் சொல்லத் தரவு போதவில்லை." இப்படி ஒரு தலைப்பு இருந்தால், இறக்கையைப் படமெடுத்துப் பாருங்கள் என்ற கோரிக்கையை மறுப்பது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பொறியாளர்கள் படம் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

பம்ப் டெக்குக்கும் இதே மூன்று பத்தி. "இல்லை" என்று விழுகிற ஒவ்வொரு வரிக்கும் சப்ளையரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைப் பக்கத்திலேயே எழுதி, புதன் மாலைக்குள் குழு கோப்புறையில் போட்டுவிடுங்கள்.