ஆழ்ந்த ஸ்குவாட்டுக்கான எட்டு வார நெகிழ்வுப் பயிற்சி

திங்கள் ஸ்குவாட், புதன் மேலுடல், வெள்ளி டெட்லிஃப்ட்: உங்கள் அட்டவணை அப்படியே இருக்கட்டும்.

உங்களுக்குத் தடை பெரும்பாலும் கணுக்கால்தான். குதிகாலுக்கு அடியில் எடைத் தட்டு வைத்ததும் ஸ்குவாட்டில் முழுதாக இறங்கினீர்களே!

திங்கள், வெள்ளி (எடை தூக்கும் முன்): சுவரை நோக்கி முழங்காலைத் தள்ளுதல், ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, குதிகால் எழக் கூடாது. பிறகு எடையின்றி 8 ஸ்குவாட். அசையாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் நீட்சிகள் அப்போது வேண்டாம். தூக்கும் வலு சற்றுக் குறையக்கூடும்.

புதன் (பயிற்சிக்குப் பின்): இதுவே முக்கியமான நாள். 8 கிலோ கெட்டில்பெல்லை மார்போடு அணைத்து, ஸ்குவாட்டின் அடியில் 30 விநாடி அமருங்கள், 4 சுற்று. முழங்கைகளால் முழங்கால்களை வெளியே தள்ளுங்கள். கீழ்முதுகு வளைந்து இடுப்பு உள்ளே சுருண்டால் சற்று மேலே வாருங்கள். அந்த ஆழத்துக்கு அவசரம் வேண்டாம். அடுத்து, முழங்காலை மடக்கியபடி கெண்டைக்கால் நீட்சி, காலுக்கு 45 விநாடி, 3 முறை.

சனி: புதன்போலவே, கூடவே முழங்கால்களை அகல விரித்து மண்டியிட்டு இடுப்பைப் பின்னே தள்ளும் தவளை நீட்சி 2 நிமிடம். டெட்லிஃப்டால் பின்தொடை வலித்தால் பாதி போதும்.

மற்ற நாட்கள் ஓய்வு.

கணுக்காலின் முன்பக்கம் குத்தினால் நிறுத்திவிடுங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடும்போது, கால்விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்புங்கள்.