தீபாவளிப் பலகாரம்: அம்மா வீட்டுக்கும், அம்மாவின் பக்கத்து வீடுகளுக்கும்

வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர் அண்ணாச்சிகளுக்கும் அக்காமாருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

இந்த 2026-ஆம் வருடத் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பலகாரம் கொடுத்துவிட நினைப்பவர்களுக்காக இந்த மடல். ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டோம். அக்டோபர் 28, புதன்கிழமை வரை எடுப்போம். அதற்குப் பிறகு அடுப்பு தாங்காது.

எங்களிடம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ரெண்டு கிலோ அல்வா அம்மாவுக்கு அனுப்பிவிடுங்க" என்றுதான். வயதான இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு கிலோ அல்வாவை யார் சாப்பிடுவது? அவர்களுக்குத் தின்பதற்குப் பலகாரம் இல்லையே என்ற குறை அவ்வளவாக இல்லை. கொடுப்பதற்கு இல்லையே என்பதுதான் குறை. தீபாவளி அன்று காலையில் எதிர்வீட்டுப் பெண் தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்துத் துணி மூடிக் கொண்டுவந்து தருவாள். வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நாற்பது வருடம் தெரு முழுக்கப் பலகாரம் கொடுத்த கை அது. முழங்கால் வலியில் அடுப்படியில் நிற்க முடியாமல்போன பிறகு, வருகிற தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு சீனியைத் தேடும்போது அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அதற்காகத்தான் எங்கள் "அக்கம்பக்கம் பெட்டி". வீட்டுக்கென்று அரைக் கிலோ நெய் அல்வா, அரைக் கிலோ மிக்சர், இருபது கைமுறுக்கு, பத்து அதிரசம், நூறு கிராம் தீபாவளி லேகியம். அதோடு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு சிறு பொட்டலங்கள் தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நூறு கிராம் அல்வா, நூறு கிராம் மிக்சர், இரண்டு அதிரசம். பொட்டலத்தின் மேல் எங்கள் கடைச் சீட்டு ஒட்டமாட்டோம், தயாரித்த தேதியும் உரிம எண்ணும் சிறிதாக அடியில் இருக்கும். பிரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அது உங்கள் வீட்டுப் பலகாரம். கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவோடு சேர்த்து 2,450 ரூபாய். தெருவில் வீடு அதிகம் என்றால் பொட்டலம் ஒன்றுக்கு 95 ரூபாய் வீதம் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை வீடு என்று அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு எத்தனையோ வீடு புதிதாக வந்திருக்கும்.

அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து ராத்திரி முழுக்கத் தெளிய விடுகிறோம். காலையில் மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைத்தான் சீனியோடு அடுப்பில் ஏற்றுகிறோம். பிறகு நெய்யை ஊற்றி ஊற்றிக் கிண்டுவதுதான் வேலை. கிண்டிய நெய் உள்ளே போய், பதம் வந்ததும் தானாக வெளியே கக்க வேண்டும். அந்த நேரத்தில் துடுப்பை எடுத்தால்தான் அல்வா கையில் ஒட்டாமல் வழுக்கும். ஐந்து நிமிடம் முந்தி இறக்கினால் மாவு வாசம் அடிக்கும், பிந்தினால் மறுநாள் ரப்பராகிவிடும். நிறப்பொடி போடுவதில்லை. பழுப்பு நிறத்துக்காகக் கொஞ்சம் சீனியை உருக்கிக் கருக்கிச் சேர்ப்பதோடு சரி.

அதிரசத்துக்கு மாவு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பிசைந்தாக வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்து, வெல்லப்பாகில் சேர்த்து மூடி வைக்கிறோம். அக்டோபர் 28-க்குப் பிறகு ஆர்டர் எடுக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். ஊறாத மாவில் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும்.

லேகியம் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், அதிமதுரம் இவற்றை இடித்துச் சலித்து, வெல்லமும் நல்லெண்ணெயும் நெய்யும் தேனும் சேர்த்துக் கிளறுவது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நெல்லிக்காய் அளவு வாயில் போட்டுக்கொண்டால், அன்று முழுக்கத் தின்கிற பலகாரத்துக்கு வயிறு ஈடுகொடுக்கும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு என்ன அனுப்பலாம் என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி நாங்கள் விற்கமாட்டோம். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வீட்டுப் பங்கில் அல்வாவையும் அதிரசத்தையும் எடுத்துவிட்டு, தட்டை, காராச்சேவு, வறுத்த முந்திரி வைத்து அனுப்புகிறோம். லேகியத்திலும் வெல்லமும் தேனும் இருப்பதால் அதையும் எடுத்துவிடுவோம். பக்கத்து வீட்டுப் பொட்டலங்கள் மாறாது. ஆர்டரில் "சுகர்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தங்கைக்கோ மகளுக்கோ தலைதீபாவளி என்றால் அது வேறு கணக்கு. பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் தாம்பாளம் நிறைந்து இருக்க வேண்டும். அல்வா, மைசூர்பாகு, லட்டு, அதிரசம், முறுக்கு ஒவ்வொன்றும் ஒரு கிலோ, எவர்சில்வர் தூக்குகளில். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம் எல்லாம் அன்று காலை வாங்கியதாக இருக்கும். இது 6,800 ரூபாய். தூக்கு அவர்களுக்கே. வேட்டி, சேலை உங்கள் வீட்டுக்காரர்கள் எடுப்பதுதான் முறை என்பதால் அதில் நாங்கள் கை வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஆர்டர் கொடுத்த வீட்டில் இந்த வருடம் ஒரு சாவு நடந்திருக்கலாம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் இருப்பது பல குடும்பங்களில் வழக்கம். சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நேரில் போக முடியாத சொந்தம் நீங்கள் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். வண்ணத்தாள், ரிப்பன், வாழ்த்து அட்டை எதுவும் இல்லாமல், வெள்ளைத் தாளில் சுற்றி, அமைதியாகக் கொடுத்துவிட்டு வருவோம்.

பால்கோவா கேட்பவர்களுக்கு: திருவில்லிபுத்தூரில் அன்று கிண்டியதைத்தான் எடுக்கிறோம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் இல்லாததால் சில நாள்தான் தாங்கும். ஆகவே விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கு மட்டும் தருகிறோம். சென்னைக்கும் கோவைக்கும் எவ்வளவு கேட்டாலும் பார்சலில் போடமாட்டோம். அந்த ஊர்களுக்கு அதற்குப் பதிலாகக் கோவில்பட்டி கடலைமிட்டாய் வைத்துவிடுகிறோம். அதற்கும் 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஒரு மாதம் ஆனாலும் மொறுமொறுப்பு குறையாது.

பட்டாசு கேட்டு எழுத வேண்டாம். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டுவிட்டது.

சிலர் அங்கிருந்தே சாக்லேட்டும் துணிமணியும் பெட்டி கட்டி அஞ்சலில் அனுப்பிப் பார்க்கிறார்கள். பரிசு என்று எழுதினால் வரியில்லாமல் வந்துவிடும் என்ற காலம் 2019 டிசம்பரோடு முடிந்தது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. வரி கட்டச் சொல்லி அப்பாவுக்குச் சீட்டு வந்தால், பாவம், அவர்தான் அலைய வேண்டும். ஊரில் செய்ததை ஊரிலேயே வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பையன்கள்தான். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு எங்கள் சொந்த வண்டி நவம்பர் 5, 6, 7 தேதிகளில் கிளம்பும். கேட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் கிடையாது. கதவைத் தட்டி, "யம்மா, ஒங்க மவன் பலகாரம் குடுத்துவிட்டிருக்காவ" என்று சொல்லி, கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நீங்கள் சொல்லும் நாலு வரியைத் தமிழில் பெரிய எழுத்தாகக் கைப்பட எழுதி உள்ளே வைப்போம். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அப்பா அம்மா சரி என்றால் மட்டும் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். தெரியாத ஆள் பெட்டியோடு வந்து நின்றால் தனியாக இருக்கும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள், பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. முந்தின நாள் போனில் சொல்லிவையுங்கள். வாங்குகிறவரிடம் எங்கள் ஆள் ஒரு ரூபாயும் கேட்கமாட்டார், ஓடிபி எதுவும் கேட்கமாட்டார். அப்படி யாராவது கேட்டால் அது நாங்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முகவரி எழுதும்போது கதவு எண்ணோடு நிறுத்த வேண்டாம். "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், பச்சை கேட்டு, மாவு மில்லுக்கு அடுத்த வீடு" என்று எழுதினால் பையன்கள் நேராகப் போய் நிற்பார்கள். பக்கத்து வீட்டு எண் ஒன்றும் தாருங்கள். வாக்கிங் போன அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம்தானே. மற்ற மாவட்டங்களுக்குக் கூரியரில் போகும். அங்கே பூ, பழம் கிடையாது, விருதுநகர் தவிர மற்ற மாவட்டங்களுக்குப் பால்கோவாவும் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு.

பெட்டி ஒவ்வொன்றிலும் தயாரித்த தேதியும் எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் தமிழில் எழுதியிருக்கும். அல்வா பதினைந்து நாள், அதிரசம் பத்து நாள், முறுக்கும் மிக்சரும் மூன்று வாரம். அல்வாவைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், நெய் உறைந்து இறுகிவிடும்.

தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தங்கள் கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் கேட்டிருந்தீர்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்து அடித்துச் சுடுவது தூத்துக்குடிக்காரர்கள் கைக்குத்தான் வரும், அங்கேயே செய்யச் சொல்லித் தருகிறோம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து எழுதலாம். அக்கா தங்கைகளுக்குப் பொங்கல்படி கொடுக்க வேண்டிய அண்ணன் தம்பிகள் மார்கழி பிறந்ததும் எழுதுங்கள். கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம், பனங்கிழங்கு எல்லாம் ஏற்பாடு செய்வோம்.

ஆர்டருக்கு இந்த மடலுக்கே பதில் எழுதினால் போதும்: யாருக்கு, எந்த ஊர், எந்தப் பெட்டி, பக்கத்து வீடு எத்தனை, உள்ளே வைக்க வேண்டிய நாலு வரி. பதிலில் பில் அனுப்புவோம். என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு யுபிஐ வைத்திருப்பவர்கள் நேரடியாகக் கட்டலாம், மற்றவர்கள் கார்டில் கட்டலாம். நவம்பர் 1 வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதன் பிறகு மாவு பிசைந்திருப்போம் என்பதால் பாதிதான் தர முடியும்.