பொருள்: வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 264-இன் கீழ் சீராய்வு மனு (மதிப்பீட்டு ஆண்டு 2020-21)

அனுப்புநர்
போ. மாதன், விவசாயி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
முதன்மை வருமான வரி ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

நாள்: 6.10.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பிரிவு 147, 144 ஆகியவற்றின் கீழ் 18.3.2025 அன்று பிறப்பிக்கப்பட்ட மதிப்பீட்டு ஆணையைச் சீராய்வு செய்யக் கோருகிறேன். 2019-20 நிதியாண்டில் என் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகச் செலுத்திய 12,40,000 ரூபாய், பிரிவு 69A-இன் கீழ் கணக்கில் வராத பணமாகக் கொள்ளப்பட்டுள்ளது. பிரிவு 115BBE-இன்படி, வட்டி நீங்கலாகவே வரி 9,67,200 ரூபாய். மூன்று ஏக்கர் கேரட் தோட்டத்தை விற்காமல் இதைக் கட்ட வழியில்லை.

அந்தப் பணம் முழுவதும் கேரட் விற்ற பணம். பட்டா என் பெயரில் உள்ளது; அடங்கலில் கேரட் பயிர் பதிவாகியுள்ளது. மேட்டுப்பாளையம் மண்டியில் கமிஷன், லாரி வாடகை, சுமைக்கூலி கழித்து மீதியை ரொக்கமாகவே தருவார்கள். 17.6.2019 தேதியிட்ட ரசீதைப் பாருங்கள்: 62 மூட்டைக்குக் கழிவு போகக் கைக்கு வந்தது 71,340 ரூபாய். மறுநாளே 70,000 ரூபாய் வங்கியில் கட்டியுள்ளேன். ஆண்டு முழுவதும் இதே வரிசைதான். ஆகஸ்ட் பெருமழையின்போது கேரட் பிடுங்கவும் முடியவில்லை, லாரி இறங்கவும் இல்லை. அந்த நாட்களில் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் செலுத்தப்படவில்லை. மழைக்கு ஏற்ப நின்றுபோகும் வரவு, மண்ணில் விளைந்த வரவாகத்தானே இருக்க முடியும்? பிரிவு 10(1)-இன்படி விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு.

அறிவிப்புகள் எவையும் என் கைக்கு வரவில்லை. இணையதளத்தில் பதிவாகியிருந்தது, முன்பு எனக்குக் கணக்கு பார்த்துவந்த, பின்னர் காலமாகிவிட்ட வரி ஆலோசகரின் மின்னஞ்சல். கடந்த ஆகஸ்டில் வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே ஆணை பற்றி அறிந்தேன். அதற்குள் மேல்முறையீட்டுக்கான 30 நாட்கள் கடந்துவிட்டன. மேல்முறையீடு எதுவும் தாக்கல் செய்யவில்லை, எங்கும் நிலுவையிலும் இல்லை. ஆணை தேதியிலிருந்து கணக்கிட்டாலும் ஓராண்டுக் கெடுவுக்குள் இம்மனு தாக்கலாகிறது. கட்டணம் 500 ரூபாய் செலுத்தியுள்ளேன்.

எனவே, ஆவணங்களைத் தாங்களே விசாரித்து, மேற்படி 12,40,000 ரூபாயை வருமானத்திலிருந்து நீக்க வேண்டுகிறேன். அதற்கு மேலும் விசாரணை தேவையெனக் கருதினால், ஆணையை ரத்து செய்து, என் தரப்பைக் கேட்டுப் புதிதாக மதிப்பிடப் பணிக்கலாம். மனு முடியும்வரை வசூலை நிறுத்திவைத்து, வங்கிக் கணக்கு முடக்கத்தை நீக்கவும் வேண்டுகிறேன். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க வேண்டிய பணம் அதில்தான் இருக்கிறது. நேரில் விளக்க ஒரு வாய்ப்பும் அளிக்கக் கோருகிறேன்.

இணைப்பு: ஆணை நகல், நிரந்தரக் கணக்கு எண் அட்டை நகல், பட்டா, அடங்கல், மண்டி ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, ஆலோசகரின் இறப்புச் சான்று நகல், கட்டணச் சலான்.

மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை என உறுதியளிக்கிறேன்.

இப்படிக்கு,
போ. மாதன்