ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை: மதுரைக்கு ஏன் இப்படி?

ஒன்பதாம் வகுப்பு பூகோளப் பாடம். வகுப்பில் நாற்பது நிமிடம் பேசியதைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நடுவில் இருக்கும் பெரிய வரைபடத்தில் தொடங்கி, அம்புக்குறி போகிற பக்கம் போங்கள்.

நடுவில்: பெரிய வரைபடம்

சிவப்புப் பொட்டு நாம். வட அட்சம் 9.9°, கிழக்குத் தீர்க்கம் 78.1°, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர்.

அளவை: 1 செ.மீ. = 1 கி.மீ. ஆணியில் தொங்கும் நூலை எடுத்து மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே பிடியுங்கள், 77 செ.மீ. வரும். அப்படியென்றால் நேர்கோட்டில் 77 கி.மீ. பஸ்ஸில் போனால் நூறைத் தாண்டிவிடும், ஏனென்றால் மலைச் சாலை நூல் மாதிரி நேராகப் போவதில்லை.

நீல அம்பு, இடமிருந்து வலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது → மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது → ஏறும்போது குளிர்ந்து, சரக்கில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது → மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்துபோய் வருகிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று இதுதான். மழையை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர்.

பச்சை அம்பு, வலமிருந்து இடம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

காற்று திசை மாறி வங்கக்கடல் மேல் வருகிறது. கடற்கரைக்கும் நமக்கும் நடுவே அதை மறிக்கப் பெரிய மலை எதுவும் இல்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. நம் கண்மாய்கள் இந்த மழையைத்தான் நம்பியிருக்கின்றன.

குட்டிப் பெட்டி: 1895

மலை தடுத்த மழையை மலையைக் குடைந்தே கொண்டுவந்தார்கள். மேற்கே ஓடிய பெரியாற்றில் பென்னிகுயிக் அணை கட்டி, சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்ட இடம்.

மலை ஏறினால் ஏன் குளிர்கிறது?

(படம்: ஒரு ஏணி. அடியில் மதுரை 100 மீ., உச்சியில் கொடைக்கானல் 2,100 மீ.)

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5° செல்சியஸ் குறையும். ஏணியின் உயரம் 2,000 மீட்டர், ஆக 13° குறைகிறது. இங்கே 37° என்றால் அங்கே சுமார் 24°. (மேகம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதை வைத்து எங்களிடம் சண்டைக்கு வர வேண்டாம்.)

கோடுகளைப் படிப்பது

சம உயரக்கோடு: ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பது. யானைமலையைப் பாருங்கள், பாறை செங்குத்தாக இறங்குவதால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மேலூர்ப் பக்கம் வயல்வெளியில் கோட்டைத் தேடத்தான் வேண்டும்.

சமவெப்பக்கோடு, சம மழையளவுக்கோடு: அதே வேலை, உயரத்துக்குப் பதில் வெப்பம், மழை.

வைகைக்கு எந்த நிறம்?

முதலில் முழுக்க நீலமாகத் தீட்டிவிட்டோம். அப்புறம் இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத்தை எடுத்துப் பார்த்தால், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நீலம், வறண்ட படுகைக்குக் கருப்பு! பாதியை அழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். உயரக்கோடு பழுப்பு, காடு பச்சை, சாகுபடி நிலம் மஞ்சள், சாலையும் ஊரும் சிவப்பு.

வானிலையா, காலநிலையா?

நேற்று சாயங்காலம் மாட்டுத்தாவணியில் திடீரென்று கொட்டியது வானிலை. முப்பது வருடக் கணக்கைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் கிடைப்பது காலநிலை. ஒரு வருடம் மழை பொய்த்ததை மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. பரீட்சையில் இதைக் குழப்பாதீர்கள்.

கடைசிப் பெட்டி: நிழல் காணாமல் போகும் நாள்

வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும். மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டால் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் சரியாக 12 மணிக்கு அல்ல. நம் கடிகாரம் 82.5° தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, நாமோ 78.1°-இல் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 4.4 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 17 நிமிடம் தாமதம். ஏப்ரலில் 12.10-க்கே மைதானத்துக்கு வந்துவிடுங்கள், நிழல் மறைந்த நேரத்தைக் கீழே இருக்கும் தாளில் எழுதுங்கள், பென்சில் நூலில் கட்டியிருக்கிறது.