கத்தி தீட்டும் கருவி, 30 விநாடி வீடியோ: ஆறு ஹுக், ஒரே உடல்

படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் இந்த ஒரே தாள் போதும். வீடியோவின் முதல் 3 விநாடியான ஹுக் மட்டும் ஆறு விதமாக மாறும். மீதி 27 விநாடிதான் உடல், அது ஆறிலும் ஒரே கோப்பு. அதே ஆள், அதே சட்டை, அதே வெளிச்சம். இசை 3-வது விநாடியில்தான் தொடங்கும். ஒவ்வொரு ஹுக்குக்கும் வெவ்வேறு இசை வைத்தால், ஆளை நிறுத்தியது சொல்லா பாட்டா என்று பிறகு பிரிக்க முடியாது.

உடலின் முதல் ஷாட்: வலது கை கத்தியைக் கருவியின் சொரசொரப்பான பள்ளத்தில் வைக்கிறது. ஆகவே எல்லா ஹுக்கும் வலது கையில் கத்தி இருக்கும் நிலையில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் 3-வது விநாடியில் படம் துள்ளும், பார்ப்பவர் அங்கேயே நகர்ந்துவிடுவார்.

H1: நசுங்கும் தக்காளி
படம்: மிக அருகில் தக்காளி. கத்தி அழுத்துகிறது, தோல் வெட்டுப்படவில்லை, நசுங்கி வெடித்துப் பக்கவாட்டில் சாறு பீறிடுகிறது. முதல் பிரேமிலேயே கத்தி தக்காளியைத் தொட்டிருக்க வேண்டும்.
குரல்: இல்லை. நசுங்கும் சத்தம் மட்டும்.
திரையில்: "வெட்டுறீங்களா, நசுக்குறீங்களா?"

H2: தாள் சோதனை
படம்: இடது கையில் தொங்கும் வெள்ளைத் தாள். கத்தி பாதி வரை போய்ச் சிக்கிக் கிழிக்கிறது.
குரல்: "ஒரு பேப்பர் எடுங்க. உங்க கத்தி வெட்டுதா பாருங்க."
திரையில்: "உங்க கத்தி பாஸா?"
கட்டளையாகச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல் இருக்கட்டும்.

H3: மொக்கைக் கத்தி
படம்: வெங்காயத்தின் தோல்மேல் கத்தி வழுக்கிப் பலகையில் 'டக்' என்று இறங்குகிறது. விரல்கள் சட்டென்று விலகுகின்றன.
குரல்: "மொக்கைக் கத்திதான் கையை வெட்டும்."
திரையில்: அதே வரி.
ஆறிலும் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். கூரான கத்தி ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வரி அதைத் திருப்பிப்போடுவதால் "எப்படி?" என்று கேட்க வைக்கும். ஆனால் கேள்வியை எழுப்பிவிட்டுப் பதில் தராவிட்டால், பிடித்த ஆளை 8-வது விநாடிக்குள் இழந்துவிடுவோம். அதனால் உடலின் முதல் குரல்வரியை மாற்றியிருக்கிறேன்: "கூர் இல்லேன்னா அழுத்துவோம். அழுத்தினா வழுக்கும்." இது மற்ற ஐந்து ஹுக்குக்கும் பொருந்துகிறது. ரத்தம், காயம், கட்டுப்போட்ட விரல் எதுவும் காட்டக்கூடாது, விளம்பரம் நிராகரிக்கப்படலாம்.

H4: முடிவு முதலில்
படம்: தக்காளியை யாரும் பிடிக்கவில்லை. கத்தி கிடைமட்டமாகப் போய் மெல்லிய வில்லை ஒன்றை எடுக்கிறது.
குரல்: "இது புதுக் கத்தி இல்ல."
திரையில்: "பழைய கத்திதான்."
தக்காளியின் அடியைச் சீவித் தட்டையாக்கி வையுங்கள், உருளாது. வேகத்தைக் கூட்ட வேண்டாம், நிஜ வேகத்தில்தான் நம்பிக்கை வரும். கத்தியும் இதே கருவியில் தீட்டியதாகவே இருக்க வேண்டும்.

H5: வேண்டாதவரை விலக்கும் ஹுக்
படம்: ரொட்டி வெட்டும் ரம்பப்பல் கத்தி கேமராவுக்கு முன் வருகிறது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணக் கத்தியை எடுக்கிறார்.
குரல்: "பல்லு வச்ச கத்திக்கு இது வேண்டாம்."
திரையில்: "எல்லாக் கத்திக்கும் இல்லை."
இதில் நிற்பவர் குறைவாக இருக்கலாம். நிற்பவர் கடைசி வரை பார்ப்பாரா என்பதற்காகவே இது.

H6: இப்போது ஓடும் தொடக்கம்
கருவியைக் காட்டி "வீட்டிலேயே கத்தி தீட்டலாம்" என்னும் பழைய 3 விநாடி. மாற்றாமல் அப்படியே போகட்டும், மற்ற ஐந்தையும் இதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

எடிட்டருக்கு
1080×1920. கருப்புத் திரை, லோகோ, மெல்லத் தெளியும் தொடக்கம் எதுவும் வேண்டாம். எழுத்து முதல் பிரேமிலிருந்தே இருக்கட்டும், பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள். திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் எழுத்து வைக்காதீர்கள், அங்கே பட்டனும் தலைப்பும் மறைக்கும். குரல் 3 விநாடிக்குள் அடங்காவிட்டால் சொல்லைக் குறைக்க எனக்குச் சொல்லுங்கள், குரலை வேகப்படுத்த வேண்டாம். கோப்புப் பெயர்: `kathi_H1_30s.mp4` முதல் `kathi_H6_30s.mp4` வரை.

சோதனை
ஆறுக்கும் ஒரே பார்வையாளர், ஒரே பட்ஜெட், ஒரே நாட்கள். A/B சோதனையாகப் பிரித்து ஓட்டுங்கள். ஒரே விளம்பரத் தொகுப்பில் ஆறையும் போட்டால், தொடக்கத்திலேயே ஒன்றிரண்டுக்குப் பணம் குவிந்து மற்றவை பட்டினி கிடக்கும்.

```
நிறுத்தம்  = 3 விநாடி பார்வை ÷ காட்டப்பட்ட தடவை
பிடிப்பு   = 15 விநாடி பார்வை ÷ 3 விநாடி பார்வை
```

ஒவ்வொன்றும் 10,000 தடவை காட்டப்படும் வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதன் பிறகும் நிறுத்தத்தில் 2 சதவீதப் புள்ளிக்குக் குறைவான இடைவெளியைச் சமமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தம் உயர்ந்து பிடிப்பு சரிந்தால் ஹுக் தந்த வாக்கை உடல் காப்பாற்றவில்லை என்று பொருள், H1-ல் இதைக் கவனியுங்கள். இரண்டையும் பெருக்கினால் காட்டப்பட்டதில் எத்தனை பங்கு 15 விநாடி தாண்டியது என்று வரும். வெற்றி அந்த எண்ணில்தான். H6-ஐ எதுவும் தாண்டாவிட்டால் ஹுக்கை விட்டுவிட்டு உடலின் முதல் 5 விநாடியைத் திருத்துவோம்.