கட்டடத்தின் உயரம் அளப்போம்: பத்தாம் வகுப்பு வெளிக்களப் பாடம்

இடம்: காட்பாடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி, மைதானத்தின் மேற்கே உள்ள இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம்
மாணவர்: 40 பேர், ஐவர் கொண்ட 8 குழுக்கள்
நேரம்: காலை முதல் இரண்டு பாடவேளை

பிற்பகலுக்குத் தள்ள வேண்டாம். வேலூர் வெயிலில் பத்தரைக்கு மேல் மைதானத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் தேடுவது கோணத்தை அல்ல, நிழலை. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். குழல் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கருவி செய்தல் (முந்தைய நாள், 20 நிமிடம்)

ஒவ்வொரு குழுவுக்கும் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானி, 30 செ.மீ. தையல் நூல், ஒரு இரும்பு நட்டு, செல்லோ டேப், பழைய அட்டை. பார்க்கும் குழலுக்கு ரீஃபில் எடுத்த பேனாக்கூடு போதும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை. கிடைத்தாலும் அது வளைந்து போகும்.

பாகைமானியை அட்டையில் ஒட்டி, நேர்விளிம்பை ஒட்டியபடி அதற்கு இணையாகக் குழலைப் பதியுங்கள். நூலைக் கட்டும் இடத்தில்தான் பாதிப் பேர் தவறுவார்கள். பாகைமானியின் மையம் அதன் அடிவிளிம்பில் இல்லை. 0–180 கோட்டின் நடுவே, விளிம்பிலிருந்து சில மி.மீ. உள்ளே இருக்கிறது. சூடான ஊசியால் அங்கே துளையிட்டு நூலைக் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் கருவி சாய்ந்த பிறகு அளவு பல பாகைகள் பிசகும்.

சோதனை: 10 மீட்டர் தள்ளி நின்று, சுவரில் கண் உயரத்தில் போட்ட சாக்பீஸ் குறியைப் பாருங்கள். நூல் 90-இல் நிற்க வேண்டும். 88-இல் நின்றால் குழல் கோணலாக ஒட்டியிருக்கிறது, பிரித்து ஒட்டுங்கள்.

அளத்தல்

ஒருவர் குழலில் பார்ப்பார், ஒருவர் நூலைப் படிப்பார், இருவர் டேப் பிடிப்பார்கள், ஒருவர் எழுதுவார். வளைவுப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பைக் குறிவையுங்கள். காற்றில் நட்டு ஆடும். அது அடங்கியதும் பக்கத்தில் நிற்பவர் நூலை அட்டையோடு விரலால் அழுத்திவிட வேண்டும். அதன் பிறகு கருவியைத் தாழ்த்திப் படிக்கலாம். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

நூல் காட்டுவது ஏற்றக்கோணம் அல்ல. அது 90-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே ஏற்றக்கோணம். 52 என்றாலும், மறுபக்க அளவில் 128 என்றாலும், விடை 38° தான்.

தூரம் அளக்கும்போது வராண்டாத் தூணையோ சன்ஷேடு விளிம்பையோ தொடாதீர்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் போட்டால் எங்கே விழுமோ அந்தப் புள்ளி வரைக்கும் வேண்டும். டேப் தொய்யாமல் தரைமட்டமாக இருக்கட்டும்.

கணக்கு

முதல் குழுவின் அளவு: தூரம் 12.5 மீ., ஏற்றக்கோணம் 38°, பார்ப்பவரின் கண் உயரம் 1.45 மீ.

```
tan 38° = 0.7813
12.5 × 0.7813 = 9.77
9.77 + 1.45 = 11.22 மீ.
```

எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் தெரிவதால் டேன்ஜென்ட். சைன் போட்டவர்களிடம் "கர்ணத்தை எங்கே அளந்தாய்?" என்று கேட்டால் போதும், தாங்களே திருத்திக்கொள்வார்கள். 16 மீட்டருக்கு மேல் விடை வந்தால் 52°-ஐ அப்படியே போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் குறைந்தால் கண் உயரத்தைக் கூட்டவில்லை; ஆளின் முழு உயரத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு.

ஆசிரியர் மட்டும் மாடியேறி, கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டு உண்மை உயரத்தை அளந்து வைத்திருங்கள். இங்கே அது 11.35 மீ. குழுக்கள் முடிக்கும்வரை எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்னால் எட்டுக் குழுவுக்கும் அதே விடைதான் வரும்.

எவ்வளவு தள்ளி நிற்பது?

இந்தப் பாடத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய கேள்வி இது. நம் கருவியில் 1° பிழை சாதாரணம். சுவரிலிருந்து 3 மீட்டரில் நின்றால் அந்த ஒரு பாகை உயரத்தில் சுமார் 60 செ.மீ. பிசகைக் கொண்டுவரும், 10 மீட்டரில் 35 செ.மீ.; 40 மீட்டரில் 70 செ.மீ.-க்கு மேல். ஏற்றக்கோணம் 45°-ஐ ஒட்டி இருக்கும்போது பிழை மிகக் குறைவு. எட்டுக் குழுக்களையும் வெவ்வேறு தூரத்தில் நிறுத்திவிட்டு, விடைகளைக் கரும்பலகையில் தூர வரிசையில் எழுதுங்கள். இரு முனைகளிலும் சிதறல் அதிகமாவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டுப்பாடம்

வேலூர்க் கோட்டைச் சுவரின் அடி வரை டேப் பிடிக்க முடியாது. நடுவே அகழித் தண்ணீர். சுவரை நோக்கிய ஒரே நேர்க்கோட்டில் `d` மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று கோணம் எடுத்தால், தொலைவில் α, அருகில் β எனக் கொண்டு, கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரம்:

```
h = d × tan α × tan β / (tan β − tan α)
```

இந்தச் சூத்திரத்தை இரண்டு செங்கோண முக்கோணங்களிலிருந்து வருவித்து எழுதி வாருங்கள். `d` மிகச் சிறிதாக இருந்தால் விடை ஏன் கெடும் என்பதற்கு இரண்டு வரி.